ஒரு முகத்தில் எதைப் பெரிதாக்குவது? கேலிச்சித்திரக்காரர் புகைப்படத்தைப் பார்க்கும் விதம்

1831ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸ் நீதிமன்றமொன்றில் சார்ல்ஸ் பிலிப்போன் என்ற பத்திரிகை ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப்பைக் கேலி செய்து படம் வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. அங்கே அவர் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதலாவது மன்னரின் முகம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கன்னங்கள் தொங்கிக்கொண்டே போக, உச்சந்தலை ஒடுங்கிக்கொண்டே வந்தது. நான்காவது வெறும் பேரிக்காய். ‘முதலாவது படம் குற்றமென்றால் அதனைப் போன்ற இரண்டாவதும் குற்றம், அப்படியே போனால் பேரிக்காயும் குற்றமாகிவிடும்’ என்பது அவரது வாதம். நீதிமன்றம் அதை ஏற்காமல் அவரைச் சிறைக்கு அனுப்பியது. ஆனால் அதன் பின்னர் பிரான்சில் பேரிக்காயை வரைந்தாலே அது மன்னர்தான் என்றாகிவிட்டது. ஒனோரே தோமியே உள்ளிட்ட ஓவியர்கள் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது பிலிப்போனின் தெரிவு. மன்னருக்கு மூக்கு இருந்தது, கண்கள் இருந்தன, காதோர முடி இருந்தது. அவற்றில் எதையும் அவர் பிடிக்கவில்லை. மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற தலையின் வடிவத்தை மட்டும் பிடித்தார். அது ஏன்?

பெரியது வேறு, வேறானது வேறு

கேலிச்சித்திரம் என்றால் பெரிய மூக்கை இன்னும் பெரிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக வரையத் தொடங்குபவர்கள் எல்லா முகத்துக்கும் பெரிய மூக்கும் விரிந்த காதும் போடுவது அதனால்தான். அப்படி வரைந்தால் சிரிப்பு வரலாம். ஆனால் ஆளை அடையாளம் தெரியாது.

உண்மையில் ஓவியர் தேடுவது அந்த முகம் சராசரி முகத்திலிருந்து எங்கே விலகுகிறது என்பதை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் லென் ரெட்மன் 1984இல் வெளியிட்ட பயிற்சி நூலில் இதற்கென்றே எந்தப் பக்கமும் சாயாத ஓர் ‘இடைநிலை’ முகத்தை வைத்துக்கொண்டார். வரையப்படுபவரின் முகத்தை அதன் பக்கத்தில் வைத்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். கூடியதைக் கூட்டுவார், குறைந்ததைக் குறைப்பார். சராசரியாக இருப்பதைத் தொடமாட்டார்.

அதனால் ஒரு முகத்தின் முக்கியமான அம்சம் சிறியதாகவும் இருக்கலாம். சின்னக் கண்கள், இல்லாத மேலுதடு, உள்வாங்கிய நாடி என்பன பெரிய மூக்கைவிட வலிமையான அடையாளங்களாக இருக்கக்கூடும். சிலவேளை அடையாளம் ஓர் உறுப்பிலேயே இருக்காது. இரண்டு உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெளியில் இருக்கும்.

அமெரிக்க ஜனாதிபதி றிச்சர்ட் நிக்சனை 1970களில் பல நூறு பேர் வரைந்தார்கள். டேவிட் பேர்க்கின்ஸ் என்ற ஆய்வாளர் அந்தப் படங்களை ஒப்பிட்டு 1975இல் எழுதினார். ஒவ்வொருவரின் கோடும் பாணியும் வேறாக இருந்தபோதிலும் நான்கு அம்சங்கள் மீண்டும் மீண்டும் வந்தன: தொங்கும் கன்னச்சதை, நெற்றியின் இரு பக்கமும் உள்ளே ஏறிய முடிக்கோடு, நீண்ட மூக்கு, பெட்டி போன்ற நாடி. இந்த அம்சங்களை எதிர்த்திசையில் மாற்றினால் படம் நிக்சனாக இல்லாமல் போனது. ஒரு முகத்தைச் சுமப்பவை மூன்று அல்லது நான்கு அம்சங்கள்தான் என்பதற்கு இது நல்ல சான்று.

புகைப்படம் சொல்லும் பொய்கள்

ஆளை நேரில் பார்த்து வரைபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் புகைப்படத்தை வைத்து வரைபவருக்கு உண்டு. படத்தில் தெரிவது அந்த முகமா, கமராவா என்று அவர் முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது தூரம். கைத்தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுக்கும் செல்பியில் மூக்கு கமராவுக்கு அருகிலும் காதுகள் தள்ளியும் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, சுமார் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 வீதம் கூடித் தெரிகிறது. ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கோளாறு இல்லாமல் போய்விடும். செல்பியை வைத்து ‘பெரிய மூக்கு’ என்று முடிவெடுப்பவர் கமராவைத்தான் கேலி செய்கிறார்.

இரண்டாவது கோணம். மேடையில் பேசும் அரசியல்வாதியைக் கீழே நின்று எடுத்த படத்தில் நாடி பெருத்து நெற்றி சுருங்கும். மேலிருந்து எடுத்தால் நேர்மாறாகும். இதைக் கண்டுபிடிக்க காதைப் பார்க்க வேண்டும். நேராக எடுத்த படத்தில் காதின் மேல்நுனி ஏறக்குறைய புருவ மட்டத்திலும் கீழ்நுனி மூக்கடி மட்டத்திலும் நிற்கும். காதுகள் அதைவிடத் தாழ்ந்து தெரிந்தால் தலை அண்ணாந்திருக்கிறது என்று பொருள். உயர்ந்து தெரிந்தால் குனிந்திருக்கிறது.

மூன்றாவது ஒளியும் முகபாவமும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எல்லோருக்கும் கண்குழி ஆழமாகத்தான் தெரியும். கத்திப் பேசும் கணத்தில் எவருடைய வாயும் பெரிதாகத்தான் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்கள் எடுத்த மூன்று நான்கு படங்களையாவது பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மாறாமல் நிற்பது முகம். ஒன்றில் மட்டும் வருவது படம். அளவெடுப்பதற்கு கடவுச்சீட்டு, அடையாள அட்டை வகைப் படங்கள் நல்லவை: நேர்ப்பார்வை, மூடிய வாய், சீரான ஒளி. ஆனால் அந்த ஆளின் சிரிப்பும் முறைப்பும் அவற்றில் இருக்காது. அவற்றுக்கு மற்றப் படங்கள் தேவை.

ஒரு முகத்தை அளந்து பார்ப்போம்

மாத்தளை மாவட்டத்தின் லக்கலவில் ஐம்பது வயது விவசாயி ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறோம். முடிக்கோட்டிலிருந்து நாடி வரை 180 மில்லிமீற்றர். கன்ன எலும்புகளுக்கிடையில் முக அகலம் 140 மில்லிமீற்றர்.

ஓவியப் பள்ளிகளில் காலங்காலமாகச் சொல்லித்தரும் கணக்கு இது: முடிக்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து நாடி ஆகிய மூன்றும் சமம். அதாவது ஒவ்வொன்றும் 60. கடைசிப் பகுதியில் வாய்க்கோடு மூக்கடியிலிருந்து மூன்றிலொரு பங்கில் வரும். அதாவது 20. அகலத்தில் ஐந்து கண்கள் கொள்ளும். ஒரு கண் 28, இரு கண்களுக்கு இடைவெளி 28, மூக்கின் அகலமும் 28.

இனி நமது விவசாயியின் அளவுகள். நெற்றி 54. புருவத்திலிருந்து மூக்கடி 57. மூக்கடியிலிருந்து நாடி 69. பார்த்தவுடன் ‘இவருக்கு நீண்ட நாடி’ என்று சொல்லத் தோன்றும். முதற்பார்வைக்கு எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த 69ஐப் பிரித்துப் பாருங்கள். மூக்கடியிலிருந்து வாய்க்கோடு வரை 30, வாய்க்கோட்டிலிருந்து நாடி வரை 39. கணக்குப்படி முதலாவது 20ஆகவும் இரண்டாவது 40ஆகவும் இருக்கவேண்டும். ஆக, நாடி சாதாரணமானது. நீண்டிருப்பது மூக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள இடம், மீசை வளரும் அந்தத் துண்டு. அவசரப்பட்டு நாடியை இழுத்திருந்தால் படம் வேறொருவராகியிருக்கும்.

அகலத்தில் கண் 28, கண்களுக்கு இடைவெளி 35, மூக்கு 35. பள்ளிக் கணக்கின்படி இடைவெளியும் மூக்கும் ஒரேயளவு, 7 மில்லிமீற்றர், கூடியிருக்கின்றன. இரண்டையும் பெரிதாக்கலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தக் கணக்கு ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் அழகு இலக்கணத்துக்காக வகுத்தது. நமது நாட்டு மூக்குகள் பொதுவாக அதைவிட அகன்றவை. ஆகவே ஓவியர் தன் ஊரில் அதே வயதுள்ள ஆண்கள் பத்துப் பதினைந்து பேரின் படங்களை இதே அளவுக்குப் பெரிதாக்கி அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் இடைவெளி சராசரி 28க்கு அருகில் வருகிறது. மூக்கின் சராசரி 34 வருகிறது. அப்படியானால் அவருடைய மூக்கு ஊர் மூக்குத்தான், அதில் சொல்ல எதுவுமில்லை. கண் இடைவெளி மட்டும் அவருக்கே உரியது.

ஆக, தெரிவு முடிந்துவிட்டது: விலகிய கண்கள், நீண்ட மேலுதட்டுப் பகுதி, இவற்றோடு சற்றுக் குறுகிய நெற்றி. மூக்கையும் நாடியையும் விட்டுவிடலாம்.

இப்போது வித்தியாசத்தை மூன்று மடங்காக்குவோம். மேலுதட்டுப் பகுதியின் வித்தியாசம் 10. அது 30 ஆகும்போது அளவு 50 ஆகிறது. நாடிப்பகுதி 37. நெற்றி 42. புருவத்திலிருந்து மூக்கடி 51. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், மீண்டும் அதே 180. கண் இடைவெளி 49 ஆகும்போது கண்களுக்கு வெளிப்புறமுள்ள பகுதி இருபக்கமும் ஒடுங்கி 140க்குள் அடங்கிவிடும்.

இது தற்செயல் இல்லை. ‘மாட்’ சஞ்சிகையின் ஓவியர் ரொம் றிச்மண்ட் தலையின் நிறை மாறாது என்று இதை ஒரு விதியாகவே சொல்கிறார். ஓரிடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் அது குறைய வேண்டும். வாய்க்கு மேலே இடம் கொடுத்தால் நெற்றி அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஊதிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், முகத்தில் பலூன் ஒட்டியதுபோல் இருக்கும். பிலிப்போனின் பேரிக்காயிலும் கன்னம் தொங்கத் தொங்க உச்சி ஒடுங்கியது இதனால்தான்.

நடைமுறையில் எந்த ஓவியரும் ஒவ்வொரு முறையும் அடிமட்டம் எடுப்பதில்லை. பல வருடப் பழக்கத்தில் சராசரி முகம் கண்ணுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் படம் ‘யாரோ போல’ வந்து நிற்கும்போது, பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அடிமட்டத்தைவிட நேர்மையான நண்பன் இல்லை.

எவ்வளவு கூட்டுவது?

சூசன் பிரென்னன் 1980களின் முற்பகுதியில் இதே வேலையைக் கணினியிடம் கொடுத்தார். புகைப்படத்தில் 169 புள்ளிகளைக் குறித்து, அவற்றை 37 கோடுகளால் இணைத்து, சராசரி முகத்தின் புள்ளிகளோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை வேண்டியளவு கூட்டவோ குறைக்கவோ அவரது நிரலால் முடிந்தது. கிலியன் றோட்ஸ் என்ற உளவியலாளர் அவருடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய முகங்களின் இந்தக் கோட்டுப்படங்களை ஆட்களிடம் காட்டினார்கள். உள்ளது உள்ளபடி வரைந்த படத்தைவிட மிகைப்படுத்திய படத்தை ஆட்கள் விரைவாக இனங்கண்டார்கள். சராசரியை நோக்கிக் குறைத்த படங்களுக்கே அதிக நேரம் எடுத்தது. ‘மிகவும் ஒத்திருக்கிறது’ என்று அவர்கள் சொன்ன அளவு சராசரியாக 16 வீத மிகைப்படுத்தல்.

நமது விவசாயியின் மேலுதட்டுப் பகுதிக்கு 16 வீதம் என்றால் ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் இதைவிடப் பல மடங்கு கூட்டுகின்றன. கூட்டலாம். ஆனால் திசை சரியாக இருக்கவேண்டும். சரியான அம்சத்தை மூன்று மடங்காக்கினாலும் ஆள் தப்பிப்பிழைப்பார். பிழையான அம்சத்தைக் கொஞ்சம் கூட்டினாலே ஆள் தொலைந்துவிடுவார்.

சால்வையை மூடிப் பாருங்கள்

முகத்தைப் பிடிக்க முடியாதபோது ஓவியர்கள் உடுப்பைப் பிடிக்கிறார்கள். மஹிந்த ராஜபக்ஷவுக்குக் குரக்கன் நிறச் சால்வை, எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கருணாநிதிக்கு மஞ்சள் துண்டு. இவை தவறானவை அல்ல. அந்தத் தலைவர்களே தேடி அணிந்துகொண்ட அடையாளங்கள் அவை. நாளுக்கொரு படம் போடவேண்டிய பத்திரிகையில் இவை உதவும்.

ஆனால் சால்வையைக் கையால் மூடினால் ஆளைத் தெரியவில்லை என்றால், வரைந்தது சால்வையைத்தான். மஹிந்தவின் தடித்த மீசையும் அகன்ற முகமும் சரியாக விழுந்த படத்துக்குச் சால்வை தேவைப்படாது.

ஆளை வரைவதும் இனத்தை வரைவதும்

சராசரி யாருடையது என்ற கேள்வி மூக்கோடு முடிவதில்லை. தான் பழகாத ஒரு சமூகத்தின் முகங்களை மனிதர்கள் பிரித்தறிவது கடினம் என்பது உளவியலில் பலமுறை உறுதிப்பட்ட விடயம். அத்தகைய ஓவியர் புகைப்படத்தைப் பார்க்கும்போது அவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஆளுக்குரியது அல்ல, அந்தச் சமூகத்தில் எல்லோருக்கும் பொதுவானது. அதைத்தான் அவர் பெரிதாக்குவார். அது அறியாமையாக இருக்கலாம். வேண்டுமென்றும் செய்யப்படலாம்.

ஜேர்மனியில் ‘டெர் ஸ்ரூர்மர்’ என்ற நாசிப் பத்திரிகைக்காக பிலிப் றூப்ரெக்ட் இருபது ஆண்டுகளாக யூதர்களை வரைந்தார். அவர் வரைந்த வளைந்த மூக்கும் தடித்த உதடும் எந்தப் புகைப்படத்திலிருந்தும் வந்தவையல்ல. படத்துக்குப் படம் அதே முகம். அங்கே ஆள் இல்லை, அச்சு மட்டுமே இருந்தது. ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் வெறுக்கப் பழக்குவதற்கு ஓர் அச்சு போதுமாக இருந்தது.

நமது நாட்டிலும் பொட்டு, தாடி, தொப்பி, சாரம் ஆகியவற்றால் மட்டும் ‘தமிழர்’, ‘முஸ்லிம்’, ‘சிங்களவர்’ என்று வரையப்பட்ட படங்களை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. படத்திலுள்ள பெயரை அழித்துவிடுங்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த இன்னொருவரின் புகைப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். படம் அவருக்கும் பொருந்தினால் அது கேலிச்சித்திரம் அல்ல. ஒருவரின் செயலுக்கு ஓர் இனத்தைக் கூண்டில் ஏற்றும் படம் அது.

காயங்களை என்ன செய்வது?

சராசரியிலிருந்து விலகுவதுதான் அளவுகோல் என்றால், இழந்த கண்ணும் எரிகாயத் தழும்பும் எல்லாவற்றையும்விட விலகியவை. போர் கடந்து வந்த சமூகத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். அளவுகோல் மட்டும் இங்கே விடை தராது.

இஸ்ரேலின் மோஷே தயானை அவரது கண் மறைப்பு இல்லாமல் வரைந்தவர்கள் அரிது. அதை விட்டுவிட்டு வரைந்தால் அவரைத் தெரியாது. ஆனால் நல்ல ஓவியர்கள் அதை உள்ள அளவில் போட்டுவிட்டு, மிகைப்படுத்தலை வட்ட முகத்திலும் பாவனையிலும் வைத்தார்கள். தழும்பைக் காட்டுவது வேறு, தழும்பைப் பெருப்பித்துச் சிரிப்புக் காட்டுவது வேறு. அதிகாரத்தில் இல்லாத, தன் தோற்றத்தைப் பொதுவெளியில் வைக்காத ஒருவரின் காயம் கேலிச்சித்திரத்துக்கு உரிய பொருளே அல்ல. அவர் முகத்தில் கண் இடைவெளி இருக்கிறது, புருவம் இருக்கிறது, சிரிக்கும்போது விழும் மடிப்பு இருக்கிறது. தேடுபவருக்கு அவை போதும்.

பெயரில்லாமல் தெரிய வேண்டும்

வரைந்து முடித்த பின்னர் சரிபார்க்கும் வழிகள் சில உண்டு. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் புகைப்படத்தோடு ஒப்பிட்டால், அளவுப் பிழைகள் உடனே தெரியும். முத்திரை அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தால் தலையின் வடிவம் பிடிபட்டிருக்கிறதா என்று தெரியும். மிகைப்படுத்திய அம்சங்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்க்கலாம். மறைத்தும் ஆள் மாறவில்லை என்றால் அந்த அம்சம் வீண். கடைசியாக, பெயர் சொல்லாமல் இன்னொருவரிடம் காட்டவேண்டும். அவர் யோசித்துக் கண்டுபிடித்தால் போதாது. பார்த்த கணத்திலேயே பெயர் வாயில் வரவேண்டும்.

அந்தக் கணத்துக்காகத்தான் அதிகாரம் இந்தக் கலையைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. கட்டுரையை வாசிக்க நேரமும் எழுத்தறிவும் வேண்டும். அதை எழுதியவர் ‘நான் அவரைச் சொல்லவில்லை’ என்று கூறலாம். கேலிச்சித்திரத்தில் பெயரே இருக்காது, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பிலிப்போன் சிறை சென்றது அதற்காகத்தான். இலங்கையில் ஊடகவியலாளரும் கேலிச்சித்திரக் கலைஞருமான பிரகீத் எக்னெலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், 2010 ஜனவரி 24 அன்று காணாமலாக்கப்பட்டார். அவரது மனைவி சந்தியா நீதி கேட்டு நீதிமன்றங்களின் படிகளில் பல ஆண்டுகளாக ஏறி இறங்கினார். தன் கணவனின் புகைப்படத்தைத் தாங்கிய அவரும், வடக்கு கிழக்கில் பிள்ளைகளின் புகைப்படங்களைத் தாங்கிய தாய்மாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தப் புகைப்படங்களில் எவரும் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஒரு முகம் வேறெந்த முகமும் அல்ல என்பதுதான் அவை சொல்வதும்.